உரையைச் சுருக்குதல்

டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நினைவுநாள். அதனை முன்னிட்டுக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுவதற்காக, நிக்கோபார்த் தீவில் பயிலும் மாணவி ஒருத்தி எழுதிய உரை கீழே உள்ளது. ஒதுக்கப்பட்ட நேரத்துள் அடங்க, இதனை மூன்றில் ஒரு பங்கு குறைத்தல் வேண்டும்.

முதல் வரைவு (72 சொற்கள்)

"அனைவருக்கும் என் அன்பான காலை வணக்கம். இன்று நான் உங்கள் முன் சுனாமி என்னும் ஆழிப்பேரலையைப் பற்றிச் சில சொற்கள் பேச வந்திருக்கிறேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று காலையில் நிலம் மிகவும் பலமாக, மிகவும் வேகமாக நடுங்கியது. சுமாத்ரா தீவுக்கு அருகே கடலடியில் அந்த நிலநடுக்கம் தோன்றியது. நம் தீவுகளில் அழகான கடற்கரைகளும் பவளப் பாறைகளும் நிறைய உள்ளன. கடல் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு என்று எங்கள் பாட்டி சொல்வார். நிலம் பலமாக நடுங்கினால் சங்கொலிக்காகக் காத்திராமல் உடனே மேட்டுக்குச் செல்லுங்கள். முதல் அலை போனாலும் திரும்பி வராதீர்கள். அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம்."

72இல் மூன்றில் ஒரு பங்கு 24. எனவே எஞ்ச வேண்டியவை 48 சொற்கள்.

மையக் கருத்தைக் கண்டறிதல்

சுருக்கத் தொடங்குமுன், கேட்பவர் எதனை நினைவில் கொண்டு செல்ல வேண்டும் என்பதை ஒரு தொடரில் எழுதிக்கொள்ள வேண்டும். இவ்வுரைக்கு அது, 'அறிகுறி கண்டவுடன் மேட்டுக்குச் சென்று அங்கேயே இருத்தல்' என்பதாகும். ஒவ்வொரு தொடரும் இதற்குத் துணைசெய்கிறதா என்று பார்த்தல் அடுத்த படி.

நீக்கத் தக்கவை

கடற்கரை அழகைக் கூறும் தொடர் உண்மையே; ஆயினும் மையக் கருத்துக்கு உதவாது. அதனை நீக்கினால் 8 சொற்கள் குறையும். 'பேச வந்திருக்கிறேன்' என முடியும் தொடர் செய்தி எதனையும் தரவில்லை. அதில் 12 சொற்கள் உள்ளன. வணக்கத்தில் 'என் அன்பான' என்னும் இரு சொற்களும், 'மிகவும் பலமாக, மிகவும் வேகமாக' என்பதில் மூன்று சொற்களும் மிகை. இவ்வாறு 25 சொற்கள் குறைகின்றன.

நீக்கத் தகாதவை

பாட்டியின் கூற்றும் அதனை அடுத்த தொடரும் மேட்டுக்குச் செல்லுமாறே கூறுகின்றன. எனவே ஒன்று போதும் என்று தோன்றலாம். ஆனால் அவை இரு வேறு அறிகுறிகளைச் சுட்டுகின்றன. எல்லா ஆழிப்பேரலைக்கு முன்னும் கடல் பின்வாங்குவதில்லை. பாட்டியின் கூற்றை மட்டும் கேட்டவர், கடல் பின்வாங்கட்டும் என்று காத்திருக்கக் கூடும். ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. எனினும், நிலநடுக்கம் அருகில் தோன்றினால் எச்சரிக்கை வந்து சேருமுன்னே அலை வந்துவிடலாம். ஆகவே நில நடுக்கத்தையே எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

பாட்டியின் கூற்று உரையின் குரலும் ஆகும். அதனை 'கடல் பின்வாங்கும்போது விலகிச் செல்வது நல்லது' என மாற்றினால் பொருள் இருக்கும், பாட்டி இருக்கமாட்டார். நேரமில்லை என்று இறுதித் தொடரை வெட்டுதல் பலரும் செய்யும் பிழை. இங்கே அத்தொடர் உயிர்காக்கும் செய்தியைத் தருகிறது.

இணைப்பைச் சரிபார்த்தல்

இரண்டாம் தொடரை நீக்கியதால் 'ஆழிப்பேரலை' என்னும் சொல்லே உரையிலிருந்து மறைந்துவிட்டது. அதனைச் சுமாத்ராவைப் பற்றிய தொடரில் சேர்த்தபோது ஒரு சொல் கூடிற்று. 

திருத்திய வரைவு (48 சொற்கள்)

"அனைவருக்கும் காலை வணக்கம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று காலையில் நிலம் பலமாக நடுங்கியது. சுமாத்ராவுக்கு அருகே கடலடியில் தோன்றிய அந்த நடுக்கமே ஆழிப்பேரலையை எழுப்பியது. கடல் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு என்று எங்கள் பாட்டி சொல்வார். நிலம் பலமாக நடுங்கினால் சங்கொலிக்காகக் காத்திராமல் உடனே மேட்டுக்குச் செல்லுங்கள். முதல் அலை போனாலும் திரும்பி வராதீர்கள். அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம்."

அருஞ்சொற்பொருள்

வரைவு – எழுதித் திருத்துவதற்குரிய படி
சங்கொலி – ஆபத்தை அறிவிக்கும் ஒலி
மிகை – தேவைக்கு மேற்பட்டது

பயிற்சி

1. பாட்டியின் கூற்றை நீக்கினால் உரை இழப்பவை யாவை? இரண்டினை எழுதுக.

2. கீழ்வரும் தொடரில் 18 சொற்கள் உள்ளன. பொருள் மாறாமல் 12 சொற்களில் எழுதுக.
அந்தமானில் உள்ள செல்லுலார் சிறையைக் கட்டும் பணி 1896ஆம் ஆண்டு தொடங்கி 1906ஆம் ஆண்டு முடிந்தது என்பது நாம் அனைவரும் நன்கு அறிந்த செய்தியாகும்.

3. இரு வரைவுகளையும் உரக்கப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறிக்க.