எண்ணெய் ஏன் புகைகிறது?

நிலக்கடலை எண்ணெயில் இரண்டு வகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்று செக்கில் ஆட்டி, தெளியவைத்து, அப்படியே விற்பது. மற்றது ஆலையில் சுத்திகரித்த ‘ரீஃபைண்டு’ எண்ணெய். இரண்டையும் மெல்லச் சூடாக்கினால், செக்கு எண்ணெய் ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்கும். சுத்திகரித்த எண்ணெயோ 210 முதல் 230 டிகிரி வரை புகையாமல் தாங்கும். இரண்டும் ஒரே கடலையிலிருந்து வந்தவைதாம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

சூடாகும் எண்ணெயிலிருந்து தொடர்ச்சியாக மெல்லிய புகை எழத் தொடங்கும் வெப்பநிலையைப் புகைநிலை என்கிறோம். தண்ணீரின் கொதிநிலையைப் போல இது ஓர் எண்ணெய்க்கு என்றும் மாறாத எண் அன்று. புதிய எண்ணெயில் ஓர் எண்ணாகவும், நாலு முறை பொரித்த எண்ணெயில் வேறோர் எண்ணாகவும் இருக்கும். காரணத்தை எண்ணெயின் மூலக்கூறில்தான் தேட வேண்டும்.

எண்ணெய் மூலக்கூறை மூன்று பற்கள் கொண்ட ஒரு சீப்பாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சீப்பின் முதுகு கிளிசரால். மூன்று பற்களும் நீண்ட கொழுப்பு அமிலங்கள். முழுச் சீப்பு மிகவும் கனமானது, எளிதில் ஆவியாகாது. ஆனால் ஒரு பல் உடைந்து தனியே வந்துவிட்டால், அதன் எடை முழு மூலக்கூறில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகி மேலெழும். நாம் காணும் புகையில் பெரும்பங்கு இப்படிப்பட்ட உடைந்த துண்டுகளே. இவற்றைத் ‘தனித்த கொழுப்பு அமிலம்’ என்பர்.

முதல் கேள்விக்கு இப்போது விடை கிடைக்கிறது. ஆலையில் சுத்திகரிக்கும்போது தனித்த அமிலங்களைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். செக்கு எண்ணெயில் அவை இயல்பாகவே சிறிதளவு இருக்கின்றன. கூடவே வித்தின் நுண்துகள்களும் இருக்கின்றன. எனவே அது சீக்கிரம் புகைகிறது. அதனால் அது கெட்டுப்போன எண்ணெய் ஆகிவிடாது. தாளிக்கவும் குழம்புக்கும் நன்றாகவே பயன்படும். அதிகச் சூட்டில் நெடுநேரம் பொரிப்பதற்குத்தான் ஏற்றதன்று.

இனி வாணலிக்கு வருவோம். பஜ்ஜி, வடை, சிப்ஸ் ஆகியவற்றை ஏறத்தாழ 175 முதல் 180 டிகிரியில் பொரிக்கிறோம். நூறு கிராம் உருளைக்கிழங்கில் சுமார் 80 கிராம் தண்ணீர்தான். அதை எண்ணெயில் போட்டவுடன் சோவென்று குமிழிகள் எழுகின்றன அல்லவா? அவை நீராவிக் குமிழிகள். இந்தச் சூட்டில் நீராவியில் ஒரு சிறு பங்கு எண்ணெயோடு வினைபுரிந்து சீப்பின் பற்களை உடைக்கிறது. இதுவே நீராற்பகுப்பு. ஒவ்வொரு ஈடு பொரிக்கும்போதும் தனித்த அமிலம் சிறிது கூடுகிறது. புகைநிலை சிறிது இறங்குகிறது. அடுப்பின் சூடு அதேதான். ஆனால் புகைநிலை 180 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்ட நாளில், பொரிக்கும் சூட்டை எட்டும் முன்பே எண்ணெய் புகைய ஆரம்பிக்கிறது.

பற்களை இழந்த கிளிசராலும் சும்மா இருப்பதில்லை. மிகுந்த சூட்டில் அது இரண்டு மூலக்கூறு நீரை இழந்து ‘அக்ரோலின்’ என்ற பொருளாகிறது:

C₃H₈O₃ → C₃H₄O + 2H₂O

எண்ணெய் புகையும்போது கண் எரிந்து, தொண்டை கமறுவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

தனித்த அமிலத்தை அளந்து பார்க்க முடியுமா? உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே முடியும். ஆசிரியர் உடனிருக்கச் செய்யுங்கள். கூம்புக்குடுவையில் 10 கிராம் எண்ணெய் எடுத்து, முன்பே நடுநிலையாக்கிய 50 மி.லி. ஆல்கஹாலைச் சேருங்கள். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது, எனவே நேரடிச் சுடரில் காட்டாமல், அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்தில் குடுவையை வைத்துச் சூடாக்குங்கள். சில துளி பினாப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை நன்றாகக் குலுக்கிக்கொண்டே துளித்துளியாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் மறையாமல் நின்றால் முடிவுநிலை.

அமிலத்தின் சதவீதம் = 28.2 × V × N / W

இதில் V செலவான காரக் கரைசல் மி.லி. அளவில், N அதன் நார்மாலிட்டி, W எண்ணெயின் எடை கிராமில். ஒலியிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 282 என்பதால் 28.2 வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். புதிய எண்ணெய்க்கு 0.2 மி.லி. செலவாகிறது என்று கொள்வோம். 28.2 × 0.2 × 0.1 / 10 = ஏறக்குறைய 0.06 சதவீதம். பலமுறை பொரித்த எண்ணெய்க்கு 3.5 மி.லி. செலவாகிறது என்றால், விடை ஏறக்குறைய 1 சதவீதம். 0.06 சதவீத அமிலமுள்ள எண்ணெய் சுமார் 210 டிகிரியில் புகையும். 1 சதவீதம் உள்ளது சுமார் 160 டிகிரியிலேயே புகைந்துவிடும். நூறில் ஒரு பங்கு உடைந்ததற்கே 50 டிகிரி இறங்கிவிட்டதைக் கவனியுங்கள்!

அப்படியானால் புகையாத எண்ணெயெல்லாம் நல்ல எண்ணெயா? அதுதான் இல்லை. நீர் ஒருபுறம் உடைக்க, காற்றிலுள்ள ஆக்சிஜன் மறுபுறம் தாக்குகிறது. பற்களில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடங்களில் அது புகுந்து, சிக்கு வாடை வீசும் பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றுள் சில உடலுக்குத் தீங்கானவை. மேலும் பல சீப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய மூலக்கூறுகளாகின்றன. இவை ஆவியாகா, ஆகவே புகையில் தெரியமாட்டா. எண்ணெய் குழகுழப்பாவதும், வாணலி விளிம்பில் பிசின் போல் ஒட்டிக்கொள்வதும் இவற்றால்தான்.

இந்த மாற்றங்கள் பலவற்றையும் சேர்த்து அறிய ஒரு வழி உண்டு. நல்ல எண்ணெய் மூலக்கூறு மின்முனைவு மிகக் குறைந்தது. உடைந்தவையும் ஆக்சிஜன் ஏறியவையும் முனைவு மிகுந்தவை. சூடான எண்ணெயில் ஒரு மின் உணர்கோலை நனைத்து, முனைவுப் பொருள்கள் எத்தனை சதவீதம் என்று அளந்துவிடலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, 2018 ஜூலை 1 முதல், இது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது.

வீட்டில் அத்தகைய கருவி இல்லை. அங்கே குமிழிகளே கருவி. நல்ல எண்ணெயில் குமிழிகள் பெரியவை. உடனே வெடித்து மறையும். கெட்ட எண்ணெயில் அவை சிறியனவாகி, சோப்பு நுரை போல் அடங்காமல் மேலே படரும். வழக்கமான சூட்டிலேயே புகை, அடங்காத நுரை, குழகுழப்பு, சிக்கு வாடை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அந்த எண்ணெயை விட்டுவிட வேண்டும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மசாலா தடவிய மீனைப் பொரித்தால் ஒரே முறையில் எண்ணெய் கறுத்துவிடும்.

மிஞ்சிய பழைய எண்ணெயில் புதியதை ஊற்றி ‘சரிசெய்வது’ பலரின் வழக்கம். அமிலத்தின் சதவீதம் அப்போதைக்குக் குறைவது உண்மையே. ஆனால் பழைய எண்ணெயிலுள்ள பொருள்கள் புதிய எண்ணெயின் சிதைவையும் விரைவுபடுத்துகின்றன. ஆகவே தேவையான அளவே ஊற்றிப் பொரிப்பது நல்லது. மிஞ்சினால், ஆறியதும் வடிகட்டித் தூள்களை நீக்கி, மூடி, வெளிச்சம் படாமல் வைத்து, ஓரிரு நாளில் தாளிப்பதற்குத் தீர்த்துவிடலாம். கெட்டதைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். கடைகளில் மிஞ்சும் எண்ணெயைச் சேகரித்து டீசலுக்கு மாற்றான எரிபொருளாக்கும் திட்டத்தை அதே ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. வாணலியில் பயன்படாத எண்ணெய் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது.