ஆறாவது டெஸ்ட்டின் விலை 4.7 கோடி டாலர்

ஒரே சிலபஸை ஆறு தடவை ரிவிஷன் பண்ணியிருக்கீங்களா? முதல் தடவை படிச்சப்போ அறுபது மார்க் ஏறும். இரண்டாவது தடவை பத்து ஏறலாம். ஆறாவது தடவை என்ன ஏறுச்சுன்னு யாராவது கேட்டா, நாம சாமர்த்தியமா மொத்த மார்க்கை மொத்த மணி நேரத்தால வகுத்துக் காட்டிடலாம். கணக்கு அழகா இருக்கும். ஆனா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

மருத்துவத்துலயும் இதே கதை நடந்திருக்கு. பெருங்குடல் புற்றுநோய் இருந்தா மலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கலந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு மலிவான டெஸ்ட் உண்டு. ஒரு டெஸ்ட்ல சிலர் தப்பிப் போவாங்க என்பதால் ஆறு தடவை செய்யச் சொல்லும் பரிந்துரை அமெரிக்காவில் இருந்தது. 1975-ல் நியூஹவுசர், லெவிக்கி என்ற இருவர் உட்கார்ந்து அதுக்குக் கணக்கு போட்டாங்க.

10,000 பேர். அவங்கள்ல ஏறத்தாழ 72 பேருக்குப் புற்றுநோய். ஒவ்வொரு டெஸ்ட்டும், மிச்சம் இருக்கிற நோயாளிகள்ல 12-க்கு 11 பேரைப் பிடிக்கும் என்று எடுத்துக்கிட்டாங்க. முதல் டெஸ்ட் 66 பேரைப் பிடிக்குது, செலவு 77,511 டாலர். ஆறு டெஸ்ட்டும் முடிந்தால் 71.94 பேர், மொத்தச் செலவு 1,76,331 டாலர். வகுத்துப் பாருங்க: ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்க 2,451 டாலர்தான். பரவாயில்லையேன்னு தோணும்.

ஆனா இந்த வகுத்தல் ஆறு டெஸ்ட்டை 'டெஸ்ட்டே இல்லை' என்ற நிலையோடு ஒப்பிடுது. நாம எடுக்க வேண்டிய முடிவு அது இல்லை. ஐந்து செய்தாச்சு, ஆறாவதும் செய்யலாமா என்பதுதான் முடிவு. ஐந்திலிருந்து ஆறுக்குப் போனா கூடும் செலவு 13,190 டாலர். 10,000 பேருக்கு ஆளுக்கு ஒரு டாலர் டெஸ்ட் செலவு, மீதி நோயே இல்லாம பாசிட்டிவ் வந்தவங்களுக்கு அடுத்த கட்டப் பரிசோதனை செலவு. கூடுதலா சிக்கும் நோயாளிகள்? 0.00028 பேர். ஒரு முழு நோயாளிக்கு எவ்வளவுன்னு வகுத்தா 4 கோடியே 71 லட்சம் டாலர்!

இந்த வகுத்தலுக்குத்தான் ஐசர் என்று பேர். கூடுதல் செலவை, கூடுதல் பலனால் வகுக்கணும், அவ்வளவுதான்.

```
ICER = (C_new - C_old) / (E_new - E_old)
```

இங்கே `old` என்பது சும்மா இருப்பது இல்லை. இப்போ நடைமுறையில் இருக்கிற சிறந்த மாற்று. அதை மாத்தி வெச்சா எந்த மருந்தையும் மலிவாக் காட்டிடலாம். (4.7 கோடி என்ற எண்ணை நம்பாதீங்கன்னு 1990-ல் ஒரு மறுப்புக் கட்டுரையும் வந்தது. அந்த '12-க்கு 11' என்ற ஊகமே சரியில்லை என்பது வாதம். யோசிச்சா நியாயம்தான்: ரத்தம் கசியாத கட்டியை ஆறு தடவை டெஸ்ட் பண்ணாலும் ஆறு தடவையும் தவற விடுவோம். இன்புட் மாறினால் விடை மாறும். ஆனா ஐந்தோடு ஒப்பிடணும் என்பது மாறாது.)

இன்னொரு பொறி: ஐசர் மைனஸில் வந்தா சந்தோஷப்படாதீங்க. செலவு குறைஞ்சு பலன் கூடினாலும் மைனஸ், செலவு கூடி பலன் குறைஞ்சாலும் மைனஸ். அந்த இடத்துல எண்ணைத் தூக்கிப் போட்டுட்டு, மேலே கீழே என்ன இருக்குன்னு பார்க்கணும்.

சரி, புற்றுநோய் டெஸ்ட்டையும் நுரையீரல் மருந்தையும் எப்படி ஒப்பிடுறது? அதுக்காக வந்த அலகு குவாலி. முழு ஆரோக்கியமா வாழும் ஒரு வருஷம் ஒரு குவாலி. 0.6 அளவு ஆரோக்கியத்தோடு 10 வருஷம் வாழ்ந்தா 6 குவாலி. புது மருந்து அதை 0.7 ஆக்கினா 7. அந்த ஒரு குவாலிக்காக எவ்வளவு கூடுதலா செலவாகுது என்பதுதான் ஐசர்.

இங்கிலாந்தில் ஒரு புது மருந்துக்கு அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் பணம் கொடுக்கலாமா என்று சொல்வது 'நைஸ்' என்ற அமைப்பு. பல வருஷமா அவங்க வெச்சிருந்த கோடு ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு. இருபதுக்குக் கீழே வந்தா பொதுவா சரி. நடுவில் வந்தா, கணக்கு எவ்வளவு உறுதியானது, அதில் அடங்காத பலன் ஏதும் இருக்கான்னு பார்ப்பாங்க. முப்பதைத் தாண்டினா ரொம்ப வலுவான காரணம் வேணும்.

2016-ல் ஓர்காம்பி என்ற மருந்து அவங்க முன்னாடி வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய்க்கானது. நுரையீரல்ல கெட்டியான சளி தேங்கி, திரும்பத் திரும்பத் தொற்று வந்து, ஆயுளையே குறைக்கும் நோய். மருந்தின் பட்டியல் விலை ஒருத்தருக்கு வருஷத்துக்கு சுமார் 1,04,000 பவுண்டு. பலன் இல்லாமல் இல்லை. நுரையீரல் திறன் சிறிதளவு கூடியது, நோய் திடீர்னு முற்றுவது குறைந்தது. ஆனா வாழ்நாள் முழுக்க சாப்பிடணும். ஐசர் வந்தது 2,18,000 முதல் 3,49,000 பவுண்டு வரை. மேல் வரம்பைப் போல ஏழு மடங்குக்கும் அதிகம். நைஸ் வேண்டாம்னு சொல்லிடுச்சு.

இதை முதல் தடவை படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்து இருக்கு, குழந்தைகள் இருக்காங்க, நடுவில் ஒரு வகுத்தல் கணக்கு நிக்குது. உயிருக்கு விலை 30,000 பவுண்டான்னு தோணுச்சு. அந்தக் கோடு எதைக் குறிக்குதுன்னு தெரிஞ்ச பிறகு கோபம் போகலை, ஆனா இடம் மாறிச்சு.

என்எச்எஸ் பட்ஜெட் ஒரு அளவுதான். புது மருந்துக்குப் போகிற பணம் வேறு எங்கிருந்தோதான் வரணும்: ஒரு வார்டில் ஒரு நர்ஸ் குறையலாம், ஒரு ஆபரேஷன் தள்ளிப் போகலாம். அப்படி வெட்டுப்படும் இடத்தில் எவ்வளவு ஆரோக்கியம் போகுது? யார்க் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளாக்ஸ்டன் குழு இதை அளந்து பார்த்தது. என்எச்எஸ்ஸின் பல நோய்ப் பிரிவுகளின் செலவையும் இறப்பு விவரங்களையும் வைத்து அவங்க கொடுத்த மதிப்பீடு ஒரு குவாலிக்கு 12,936 பவுண்டு. அதாவது சுமார் 13,000 பவுண்டு வேறு பக்கம் போகும்போதெல்லாம் எங்கேயோ ஒரு குவாலி இழக்கப்படுது.

இப்போ திருப்பிக் கணக்கு போடுங்க. 30,000 பவுண்டுக்கு ஒரு குவாலி கொடுக்கும் மருந்தை 'சரி'ன்னு ஏத்துக்கிட்டா, ஒன்றைப் பெற்று இரண்டுக்கும் மேல் இழக்கிறோம். 2,18,000 பவுண்டில் வாங்கினா ஒன்றைப் பெற்று கிட்டத்தட்ட 17 இழக்கிறோம். பெறுகிறவருக்கு முகம் இருக்கு, பேர் இருக்கு, டிவியில் பேட்டி இருக்கு. இழக்கிறவர், தான் இழந்ததே தெரியாம ஏதோ ஒரு வெயிட்டிங் லிஸ்ட்ல இருப்பார். கிளாக்ஸ்டன் எண்ணும் மதிப்பீடுதான், அதன் முறையை எதிர்த்து வாதிட்டவங்க உண்டு. ஆனா அந்த இழப்பு பூஜ்யம்னு யாரும் சொல்ல முடியாது.

ஒண்ணு கவனிங்க, கோடு அப்படியே நிக்கும்போது ஐசரைக் கீழே கொண்டு வர ஒரு வழி மிச்சம் இருக்கு. மேலே உள்ள ஃபார்முலாவில் `E` நோயாளியின் உடம்பில் இருக்கு, அதை யாரும் பேரம் பேச முடியாது. `C_new`-வில் பெரும்பகுதி கம்பெனி வைக்கும் விலை. அதனால் கோடு என்பது பேரத்தில் வாங்குபவர் கையில் இருக்கும் ஒரே பிடி. அதை உயர்த்தினா அடுத்த மருந்தின் விலையும் அந்த உயரத்துக்கே வந்து நிற்கும்.

ஓர்காம்பிக்கும் பேரம்தான் நடந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் இழுத்தது. பெற்றோர்கள் போராடினாங்க, நாடாளுமன்றத்தில் பேசினாங்க, மருந்து கிடைக்காமலே அந்த நாட்கள் போச்சு. 2019 அக்டோபரில் என்எச்எஸ் இங்கிலாந்தும் தயாரிப்பாளர் வெர்டெக்ஸும் உடன்பாட்டுக்கு வந்தாங்க. நோயாளிகளுக்கு மருந்து கிடைச்சது. என்ன விலைக்கு என்பது ரகசியம். அதனால் அந்த உடன்பாட்டின் ஐசர் 30,000-க்குக் கீழே வந்ததா, கோடுதான் வளைந்ததா என்று வெளியில் இருந்து நாம போட்டுப் பார்க்க முடியாது. `C_new` நம்ம கையில் இல்லை.