தட்டில் இருக்கும் தண்ணீர்

அரைக் கிலோ உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 400 கலோரி இருக்கிறது. வேகவைத்துத் தட்டில் வைத்தால் ஒரே ஆள் ஒரு வேளையில் அத்தனையையும் சாப்பிட்டு முடிப்பது கடினம். அதே கிழங்கைச் சீவி மொறுமொறுப்பாகப் பொரித்தால் 165 கிராம் சிப்ஸ்தான் தேறும். டிவி பார்த்துக்கொண்டே ஒருவர் அதைக் காலி செய்துவிடலாம். அதில் இருப்பதோ 900 கலோரிக்கு மேல்.

எல்லாரும் பழியை எண்ணெய் மேல் போடுவார்கள். சமையலறைத் தராசு வாங்கிய பிறகு நான் இந்தக் கணக்கைப் பிரித்து எழுதிப் பார்த்தேன். பச்சைக் கிழங்கில் கிராமுக்கு 0.8 கலோரி. அதன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அரைக் கிலோவில் மிச்சப் பொருள் 105 கிராம்தான். எண்ணெயே படாமல் தண்ணீரை மட்டும் வற்றவைத்தால்கூட, கிராமுக்கு 3.8 கலோரி ஆகிவிடுகிறது. அதன்மேல் எண்ணெய் ஏறும்போது 5.5. அதாவது தண்ணீர் போனதால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. எண்ணெய் வந்ததால் இன்னும் ஒன்றரை மடங்கு. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, தண்ணீரில் ஒன்றும் இல்லை. இந்த மூன்று எண்கள் போதும், எந்தத் தட்டையும் கணித்துவிடலாம்.

இது ஏன் பசியோடு சம்பந்தப்படுகிறது? வயிறு ஒரு வேளையில் கலோரியைத் துல்லியமாக எண்ணுவதில்லை. எவ்வளவு நிறைந்தது, எவ்வளவு விரிந்தது என்பதைத்தான் அது முதலில் உணர்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பெண்களுக்கு வேண்டிய அளவு சாப்பிட அனுமதி தந்தார்கள். உணவில் காய்கறியைக் கூட்டிக் குறைத்து, கிராமுக்கு எத்தனை கலோரி என்பதை மட்டும் மாற்றினார்கள். அவர்கள் சாப்பிட்ட எடை ஏறக்குறைய மாறவே இல்லை. அடர்த்தி குறைந்த உணவு கிடைத்த நாட்களில் உள்ளே போன கலோரி மட்டும் சுமார் 30 சதவீதம் குறைந்தது.

அப்படியானால் சாப்பாட்டுக்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் போதாதா என்று என் நாத்தனார் கேட்டார். நல்ல கேள்வி, அதே குழு 1999இல் அதையும் சோதித்திருக்கிறது. கோழி, காய்கறி, அரிசி சேர்ந்த ஒரு பதார்த்தத்தை மதிய உணவுக்கு முன் ஒரு நாள் தனியாகக் கொடுத்தார்கள், ஒரு நாள் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு கொடுத்தார்கள், ஒரு நாள் அதே தண்ணீரை அதிலேயே ஊற்றி சூப்பாக்கிக் கொடுத்தார்கள். சூப் குடித்த நாளில்தான் மதியச் சாப்பாடு குறைந்தது. தனியாகக் குடித்த தண்ணீர் வயிற்றை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். உணவுக்குள் இருக்கும் தண்ணீர் உணவோடு தங்கி, மெதுவாக இறங்கும். அதனால் நான் தண்ணீரைக் கிளாஸில் தேடுவதில்லை, காயிலும் கூட்டிலும் ரசத்திலும் பழைய சோற்றிலும் தேடுகிறேன்.

வீட்டில் கணக்கிடும் முறை எளிது. வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பொருளையும் பச்சையாக நிறுத்து அதன் கலோரியைக் கூட்ட வேண்டும். சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழித்து, கிடைத்த எடையால் கலோரியை வகுக்க வேண்டும். எண்ணெயைக் கரண்டியால் அளந்தால் தவறும். சமைக்குமுன்னும் பின்னும் எண்ணெய்ப் பாட்டிலையே நிறுத்து வித்தியாசத்தை எடுப்பேன்.

எங்கள் வீட்டு உப்புமாவையே எடுத்துக்கொள்கிறேன். வழக்கமான முறையில் 100 கிராம் ரவை, 30 கிராம் எண்ணெய், 50 கிராம் வெங்காயம், 250 மில்லி தண்ணீர். மொத்தம் 630 கலோரி. ஆவியானது போக 390 கிராம் வந்தது, கிராமுக்கு 1.6. அடுத்த முறை ரவை, வெங்காயம் இரண்டின் அளவையும் மாற்றவில்லை. எண்ணெயை 10 கிராமாகக் குறைத்து, கேரட், பீன்ஸ், பட்டாணி சேர்த்து 200 கிராம் போட்டு, தண்ணீரை 300 மில்லி ஆக்கினேன். மொத்தம் 530 கலோரி, எடை 600 கிராம், கிராமுக்கு 0.9க்குச் சற்றுக் குறைவு. ஒரு தட்டுக்கு 300 கிராம் என்று வைத்தால் முதலாவதில் 485 கலோரி, இரண்டாவதில் 265. தட்டு பார்வைக்கு ஒன்றுதான். எண்ணெயைக் குறைத்ததால் வந்த சேமிப்பு 180 கலோரி. அதில் 80ஐக் காய் திரும்பச் சேர்த்துவிட்டது. ஆனாலும் காயும் தண்ணீரும் தந்த எடைதான் தட்டை நிறைத்தது. எண்ணெயை மட்டும் குறைத்திருந்தால் உப்புமா வறண்டுபோய், வீட்டில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கு தவறிப்போவது பெரும்பாலும் அரிசியில்தான். பச்சரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130. சோற்றை நிறுத்துவிட்டு அரிசியின் எண்ணைப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கூடிவிடும். விடை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: குழம்பு ஊற்றிய சோற்றுக்குக் கிராமுக்கு 2க்கு மேல் வந்தால் எங்கோ பச்சை எடையும் வெந்த எடையும் கலந்திருக்கிறது, இல்லையென்றால் நெய் தாராளமாக விழுந்திருக்கிறது.

கடையில் வாங்கும் பாக்கெட்டுக்குத் தராசே வேண்டாம். பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருப்பார்கள். நூறால் வகுத்தால் போயிற்று. பிஸ்கட்டுக்கு 4.5, 5 என்று வரும். ரஸ்க்கில் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது, ஆனாலும் 4ஐ ஒட்டி வரும். காய்ந்த பொருள் எதுவும் இப்படித்தான். திராட்சை 100 கிராமில் 70 கலோரிக்குள்; உலர்ந்த திராட்சையில் 300. பொரி மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும்: எடைக்கு அடர்த்தி அதிகம், ஆனால் உள்ளே காற்று நிறைந்திருப்பதால் ஒரு கிண்ணத்தில் சில கிராமே பிடிக்கும். எடையை மட்டும் பார்த்துப் பொரியை ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடர்த்தி குறைவு என்றால் எல்லாருக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எடை குறைக்க நினைக்கும் எனக்கு உதவுகிற அதே தண்ணீர், தாய்ப்பாலோடு கஞ்சியும் குடிக்கத் தொடங்கிய குழந்தையைப் பட்டினி போட்டுவிடும். அந்த வயதில் ஒரு வேளைக்கு வயிறு கொள்ளும் அளவு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 கிராம். 8 கிலோ குழந்தைக்கு 240 கிராம்தான். கஞ்சி நீர்த்து, கிராமுக்கு 0.4 ஆக இருந்தால் வயிறு நிறைந்தும் 100 கலோரிக்குக் குறைவாகவே கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 0.8க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. என் அக்கா மகனுக்குக் கஞ்சி காய்ச்சும்போது, கரண்டியைச் சாய்த்தால் ஓடி ஒழுகாமல் நிற்கும் பதத்துக்கு வற்றவைத்து, மசித்த பருப்பும் ஒரு சிறு கரண்டி நெய்யும் சேர்ப்போம். அந்த 5 கிராம் நெய் 45 கலோரி, கிண்ணத்தில் இடமே பிடிக்காது. பசி மங்கிய வயதானவர்களுக்கும், காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களுக்கும் இதே வழிதான்: இரண்டு வாய்தான் இறங்கும் என்றால், அந்த இரண்டு வாயையும் நீர்த்துப்போக விடக் கூடாது.