குதிகாலை உயர்த்தினால் ஸ்குவாட் ஆழமாகுமா?

கேள்வி: ஸ்குவாட்டில் பாதி இறங்கியதும் குதிகால் தரையைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. பளுதூக்கும் ஷூ வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், சாந்தன்பாறை

பதில்: ஸ்குவாட்டில் ஆழமாக இறங்க, முழங்கால் பாதவிரல்களைத் தாண்டி முன்னே வர வேண்டும். கணுக்கால் அதற்கு மடங்காவிட்டால் குதிகால் கிளம்பும். இல்லையேல் இடுப்பு பின்னே போய், நெஞ்சு முன்னே சாயும். சாந்தன்பாறை ஏலத்தோட்டச் சரிவில் இறக்கத்தைப் பார்த்துக் குந்துவது எளிது, ஏற்றத்தைப் பார்த்துக் குந்துவது கடினம். காரணம் கணுக்கால் மடங்க வேண்டிய அளவே.

பளுதூக்கும் ஷூவின் குதிகால் சுமார் 2 செ.மீ. உயரம். அது பாதத்தை ஏறக்குறைய 6 டிகிரி சாய்க்கிறது. கணுக்காலுக்கு அந்த அளவு மிச்சமாவதால் முழங்கால் முன்னே வருகிறது, முதுகு நிமிர்கிறது. முழங்காலை நீட்டும் முன்தொடைக்கு வேலை கூடி, இடுப்புக்குக் குறைகிறது. ஆனால் இந்த மாற்றம் சிறியது. ஷூ மட்டும் தொடையைப் பருக்க வைக்காது. முழங்கால்வலி உள்ளவர்களுக்கு இந்தக் கூடுதல் சுமை ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்ச்சில் 149 கிலோ தூக்கினார். ஸ்னாட்ச்சில் தலைக்குமேல் பாரத்தோடு குந்தும்போது முதுகு சாய்ந்தால் பாரம் முன்னே விழும். பளுதூக்குபவர்களுக்கு உயர்ந்த குதிகால் அவசியமாவது அதனால்தான்.

வாங்குமுன் வெறுங்காலோடு சுவர்முன் நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். எட்டவில்லையென்றால் குதிகாலடியில் மெல்லிய பலகை வைத்து, பாரமின்றிக் குந்த வேண்டும். ஆழம் உடனே கூடினால் தடை கணுக்காலில்தான், ஷூ உதவும். கூடாவிட்டால் இடுப்பைக் கவனிக்க வேண்டும். மெத்தென்ற ஓட்ட ஷூ இதற்கு ஆகாது. பாரத்தில் அமுங்கித் தள்ளாடும்.