பன்னிரண்டு ஆட்டம், ஒரே போர்டு: லெகசி கேம் வடிவமைப்பது எப்படி?

கேரம், லூடோ எல்லாம் ஆடி முடிச்சதும் பழைய நிலைக்குத் திரும்பிடும். லெகசி கேம் அப்படி இல்லை. ஒட்டின ஸ்டிக்கர் ஒட்டினதுதான், கிழிச்ச கார்டு கிழிச்சதுதான். அடுத்த ஆட்டம் அந்த மாறிய போர்டிலேயே தொடங்கும். ராப் டேவியோ உருவாக்கி 2011-ல் வெளிவந்த 'ரிஸ்க் லெகசி' இந்த வகையைப் பிரபலமாக்கியது.

இப்படி ஒன்றை நீங்களே செய்யப் போறீங்கன்னா, கதை, படம் எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் வேணும்: முதல் ஆட்டத்துல ஜெயிச்சவர், அதனாலேயே பன்னிரண்டாவது வரைக்கும் ஜெயிச்சுக்கிட்டே போனா என்ன பண்றது?

ஒரு கற்பனை விளையாட்டை வைத்துப் பார்ப்போம். நான்கு பேர், எட்டுத் துறைமுகம், அவற்றை இணைக்கும் பன்னிரண்டு கடல்வழி. ஒவ்வொரு கப்பலிலும் 3 மூட்டை ஏறும். ஒரு மூட்டை 1 காசுக்கு விற்கும். ஆட்டத்துக்குப் பத்துப் பயணம். ஆக, எல்லோரும் சுமார் 30 காசு சம்பாதிக்கலாம்.

ஜெயித்தவர் கப்பலில் நிரந்தரமாக ஒரு மூட்டைக்கு இடம் கூட்டுவது என்று பரிசு வைப்போம். அடுத்த ஆட்டத்தில் அவருக்கு 40 காசு, மற்றவர்களுக்கு 30. இன்னொரு முறை ஜெயித்தால் 50. நாலாவது ஆட்டத்துக்கு உட்காரும்போதே முடிவு தெரிஞ்சிடும். மீதி மூணு பேர் ஐந்தாவதுக்கு வரவே மாட்டாங்க.

இதைச் சரிசெய்ய, பரிசை ஆளுக்குக் கொடுக்காமல் போர்டுக்குக் கொடுங்க. ஜெயித்தவர் ஏதாவது ஒரு துறைமுகத்தில் 'விலை +1' ஸ்டிக்கர் ஒட்டி, அதுக்குப் பேரும் வைக்கட்டும். எங்கே ஒட்டணும்னு முடிவு பண்ற உரிமை அவருக்கு. அங்கே போய் விற்கும் உரிமை எல்லோருக்கும். 'சார்ட்டர்ஸ்டோன்' விளையாட்டில் அவரவர் பகுதியில் கட்டும் கட்டடத்தை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று இருப்பது இதே யோசனைதான்.

எல்லோரும் ஒரே அணியாக ஆடும் விளையாட்டுக்கு வேறு வழி உண்டு. 2015-ல் வந்த 'பாண்டமிக் லெகசி', பன்னிரண்டு மாதங்களாக நடக்கும் கதை. ஒரு மாதம் தோற்றால் இன்னொரு முறை முயலலாம்; அதிலும் தோற்றால் அடுத்த மாதத்துக்குப் போகணும். உதவி கார்டுகள் நான்கில் தொடங்கும். ஜெயித்தால் அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு குறையும், தோற்றால் இரண்டு கூடும். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் வரும் நெகட்டிவ் ஃபீட்பேக்கேதான்!

இரண்டாவது பிரச்சினை, மாற்றங்கள் நிரம்பி வழிவது. கடைசி ஆட்டத்துக்கு முன் 11 விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அத்தனையும் ஒரே துறைமுகத்தில் விழுந்தால் அங்கே விலை 12 ஆகிவிடும். வேறெங்கே போவாங்க? அதனால் ஒரு துறைமுகத்துக்கு இரண்டு ஸ்டிக்கர் கட்டம் மட்டும் அச்சிடுங்க.

கடைசியாக வந்தவர் ஒரு கடல்வழியில் 'புயல்: கடக்க 1 காசு' என்று ஒட்டலாம். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்று என்றால், பன்னிரண்டு வழிகளில் பதினொன்றில் புயல் வந்துடும். எல்லா வழிக்கும் ஒரே செலவுன்னா அப்புறம் யோசிக்க என்ன இருக்கு? 2, 4, 6, 8, 10 ஆகிய ஆட்டங்களின் முடிவில் மட்டும் ஒட்டினால் ஐந்தோடு நிற்கும்.

விதி மாற்றத்துக்கும் அதே கவனம் வேணும். விதிப்புத்தகத்தில் எண் போட்ட காலிக் கட்டம் விடுங்க. புது விதி பழசின் மேல் ஒட்டி அதை மறைக்கட்டும். பக்கத்தில் ஒட்டினால் இரண்டும் முரண்படும். 'முதல்முறை ஒருவர் 50 காசு தொட்டால் உறையைப் பிரிக்கவும்' என்று நிபந்தனை வைத்தால், 'ஆறாவது ஆட்டம் வரை நடக்காவிட்டால் அப்போது பிரிக்கவும்' என்றும் சேர்த்து எழுதுங்க. இல்லேன்னா அந்த உறை கடைசி வரை மூடியே கிடக்கலாம்.

அடுத்தது டெஸ்டிங். ஒவ்வொரு ஆட்டமும் வெறும் மூன்று விதமாக முடியும் என்று வைத்தாலும், பன்னிரண்டாவதுக்கு வரும் பாதைகள் 3^11 = 1,77,147. எல்லாத்தையும் ஆடிப் பார்க்க முடியாது. ஓரங்களை மட்டும் சோதிங்க. ஒன்பதாவது ஆட்டத்துக்கு முன் 8 விலை ஸ்டிக்கர், 4 புயல் இருக்கும். எட்டையும் பக்கத்துப் பக்கத்து நான்கு துறைமுகங்களில் அடைத்து ஒரு போர்டு. எட்டுக்கும் ஒவ்வொன்றாகப் பரப்பி இன்னொரு போர்டு. முந்தைய எட்டு ஆட்டத்தை ஆடாமலே, நேராக ஒன்பதில் தொடங்கலாம். நிஜ ஸ்டிக்கர் வேண்டாம். போர்டு மேல் ஓஹெச்பி ஷீட் போட்டு மார்க்கரில் எழுதினால் அழித்து மறுபடி ஆடலாம்.

ஆடும்போது ஒன்றை மட்டும் குறிச்சுக்கோங்க: முதல் இரண்டு பயணத்தில் நான்கு பேரும் ஒரே இடத்துக்குப் போறாங்களா? போனால் அந்தப் போர்டில் தேர்வு செத்துப்போச்சு என்று அர்த்தம். ஒரு துறைமுகத்தில் யாராவது விற்றதும், அந்தச் சுற்று முடியும் வரை அங்கே விலை 1 குறையும் என்று விதி சேர்த்து, அதே போர்டை மறுபடி ஆடிப் பாருங்க. அடுத்தடுத்து வருகிறவர்கள் வேறு துறைமுகம் தேடத் தொடங்கினால், ஷீட்டை எடுத்துவிட்டு ஸ்டிக்கர் அச்சிடக் கொடுக்கலாம்.