பார்க்கிற நாள் வேறு, தீர்மானிக்கிற நாள் வேறு

கல்முனையில் ஒரு வங்கியின் அடகுப் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்தவன் நான். மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதுவிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் சனம் வரும் கிளை. நகை கொண்டு வருகிறவர்களைவிட, பழைய சீட்டோடு வருகிறவர்கள்தான் எனக்கு அதிகம் ஞாபகம். "இதுக்கு வட்டி எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்பார்கள். நான் கணினியில் பார்த்துத் தொகையைச் சொல்ல வாயெடுத்தால், "சொல்லாதீங்க தம்பி, எழுதித் தாங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்த துண்டை மடித்து, பார்க்காமலே கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த மாதம் வந்து அதையே கேட்பார்கள்.

இந்த ஒளிப்பு எப்படியிருக்கும் என்று எனக்கு இப்போது தூரத்திலிருந்தே தெரியும். ஏடிஎம்மில் பற்றுச்சீட்டு வேண்டாம் என்று அழுத்துவது, மீதி திரையில் வருமுன் அட்டையை இழுத்துக்கொள்வது, பணம் எடுக்க மகனை அனுப்புவது, வங்கியிலிருந்து வரும் கடிதங்களை உடைக்காமல் அலுமாரிக்கு மேல் அடுக்குவது. ஃபோனில் டேட்டா எவ்வளவு மிச்சம் என்று சட்டென்று சொல்லும் மனிதருக்கு, கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். சம்பள நாளில் மட்டும் எல்லோரும் திரையை ஆசையோடு பார்ப்பார்கள். இது நம்மூர்க் குணம் மட்டுமல்ல. ஐஸ்லாந்தில் ஒரு நிதிச் செயலியைப் பாவிப்பவர்களின் தரவுகளை ஆர்னா ஓலாஃப்சன், மிக்கேலா பேகல் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது இதையேதான் கண்டார்கள். காசு வந்த நாளில் சனம் கணக்கைத் திறக்கிறது, மீதி குறையக் குறையத் திறப்பதும் குறைகிறது.

ஆனால் நம் பக்கத்தில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது. கடன் இருப்பது ஒரு பாரம், அது வட்டிக் கடனாக இருப்பது வேறொரு பாரம். "ஈடு வெச்சிருக்கு" என்று சொல்வார்களே தவிர, வட்டி கட்டுகிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேமிப்புக் கணக்குப் புத்தகத்தில் வங்கி வரவு வைத்த வட்டியைப் பார்க்கப் பிடிக்காமலே புத்தகத்தைப் பதியக் கொடுக்காதவர்களை எனக்குத் தெரியும். வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு 2011 முதல் அமானா வங்கி இருக்கிறது, மற்ற வங்கிகளிலும் இஸ்லாமியப் பிரிவுகள் உண்டு. இருந்தும் 2022 நெருக்கடியில் அரிசி விலையும் கரண்ட் பில்லும் ஏறியபோது, கையில் கிடந்த வளையலைக் கொண்டு போக எது அண்மையில் இருந்ததோ அங்கேதான் சனம் போனது. வட்டி கட்டும் இந்த வெட்கம்தான் கடிதத்தை உடைக்க விடுவதில்லை. கடைக்காரர் காக்காவின் கொப்பிக் கடனுக்கு யாரும் இப்படிப் பயப்படுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். அவர் வாசலில் வைத்துத் தொகையை வாசிக்கிறார், நாம் பாதியைக் கொடுக்கிறோம், அவர் சிரிக்கிறார், முடிந்தது. வங்கித் தொகையை மட்டும் நாம் தனியாக, பெரும்பாலும் இரவில், படுத்துக்கொண்டு நினைக்கிறோம்.

ஒருவருடைய கணக்கைச் சொல்கிறேன். அவர் சாய்ந்தமருது ஆசிரியை, எனக்கு ராத்தா முறை. தொகைகளைச் சற்று மாற்றியிருக்கிறேன். பத்து லட்சத்துக்கு மேல் கடன் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார், நித்திரையில்லை. நான் முதலில் வங்கி மீதியைக் கேட்கவே இல்லை. ஒரு கொப்பித் தாளை எடுத்து, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்ற மூன்று பத்தியை மட்டும் கீறினேன். "நான் சொல்றத நீங்க எழுதுங்க, எனக்குக் கை ஓடாது" என்றார். நான் எழுதினேன். அடகுச் சீட்டு இரண்டு. முதலாவது 180,000 ரூபாய், பத்து மாதமாகிறது. இரண்டாவது 95,000, நாலு மாதம். சீட்டில் அச்சிட்டிருந்த வட்டி வருடத்துக்கு 18 வீதம். ஆகவே முதலாவதில் 27,000, இரண்டாவதில் 5,700 ஏறியிருந்தது. சம்பளத்தில் கழியும் வங்கிக் கடனில் மீதி 240,000. மாதம் 10,000 கட்டும் சீட்டை அவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார், இன்னும் நாலு மாதம் கட்ட வேண்டும், அது 40,000. கடைக் கொப்பி 14,000. கூட்டினால் 601,700.

பத்து லட்சம் ஆறு லட்சமானது நல்லதுதான். எப்போதும் இப்படிக் குறையும் என்று சொல்லமாட்டேன். கூடிய கணக்குகளும் என் முன்னால் வந்திருக்கின்றன. இங்கே முக்கியமானது எப்போது என்ற மூன்றாவது பத்தி. வங்கிக் கடனின் மாதத் தவணை 18,500, அது சம்பளத்திலேயே கழிந்துவிடுகிறது, அதற்காக அவர் இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. சீட்டுக் காசு மாதாமாதம் போகிறது. கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை. ஆறு லட்சத்தில் கிட்டத்தில் நாள் குறித்து நின்றது ஒன்றே ஒன்று, முதலாவது அடகுச் சீட்டு. பன்னிரண்டு மாதத் தவணை முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. அன்றைக்கு வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் அறிவித்தல் வரும், பிறகு ஏலம். புதுப்பிக்கத் தேவையானது வருட வட்டி 32,400. அவருடைய பயம் முழுக்க உட்கார்ந்திருந்த இடம் இந்தத் தொகைதான், ஆனால் அது ஆறு லட்சத்துக்குள் கலந்து கிடந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அதோடு நிறுத்தினோம். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்: பார்க்கிற நாளில் எதையும் தீர்மானிக்காதீர்கள். தொகையைக் கண்ட அதே மணித்தியாலத்தில் எடுக்கப்படும் முடிவுகள்தான் மோசமானவை. நகை விலை ஏறியிருக்கிறது என்று அதே சீட்டைப் புதுப்பித்து மேல் பணம் எடுப்பார்கள், அல்லது வாரக் கடன்காரரிடம் போவார்கள், அல்லது ஆத்திரத்தில் ஒரு நகையைக் கடையில் வந்த விலைக்குக் கொடுப்பார்கள். இன்னொன்றும் இதில் இருக்கிறது. பார்த்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைப்பதால்தான் பலர் பார்க்கவே பயப்படுகிறார்கள். செய்ய வேண்டியதில்லை, தொகையை எழுதிவிட்டுக் கொப்பியை மூடலாம் என்று தெரிந்தால் கண் தானாகத் திரும்பும்.

இரண்டு நாள் கழித்து ராத்தாவோடும் அவர் கணவரோடும் உட்கார்ந்தேன். சம்பளம் 62,000, தவணை போக 43,500, சீட்டும் போக 33,500. கணவருக்குத் தையல் கடை, அன்றாடம் கொஞ்சம் வரும். வீட்டுச் செலவில் பெரும்பங்கை அந்தக் கைக்காசு தாங்குவதென்றும், சம்பளம் விழுகிற நாளிலேயே 16,200ஐ ஏடிஎம் அட்டையில்லாத இன்னொரு கணக்குக்கு மாற்றுவதென்றும் முடிவானது. இரண்டு மாதத்தில் 32,400. சீட்டு முடிந்து விடுபடும் 10,000ஐ அந்த மாதத்திலிருந்து இரண்டாவது அடகுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் ஏறக்குறைய ஒரு வருடத்தில் அந்த நகை வீட்டுக்கு வந்துவிடும். அடகில் முழுத் தொகையோடுதான் போக வேண்டும் என்று சனம் நினைக்கிறது. பகுதி பகுதியாகவும் கட்டலாம், கட்டக் கட்ட மிச்ச முதலுக்குத்தான் வட்டி ஏறும். உங்கள் கிளையில் குறைந்தது எவ்வளவு வாங்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டை வாங்கி அடகுச் சீட்டோடு குத்தி வையுங்கள்.

பிறகு அவருக்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தேன், சனிக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு. இரவில் வேண்டாம், களைத்த மனதுக்கு எல்லாத் தொகையும் பெரிதாகத்தான் தெரியும். சம்பள நாளிலும் வேண்டாம், அன்றைக்குத் தெரியும் மீதி உங்களுடையதல்ல, பாதி போகக் காத்திருப்பது. செயலி பதற்றம் தந்தால் வங்கிப் புத்தகத்தைப் பதியக் கொடுங்கள். கடதாசியில் வரும் இலக்கத்தோடு பலர் சமாதானமாக இருக்கிறார்கள். தனியாகப் பார்க்க முடியாவிட்டால் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் புத்தி சொல்லக் கூடாது, தொகையை வாசிக்க மட்டும்தான். கணவர் கத்தாரில் இருக்கும் பெண்கள் அவருக்குத் தாளைப் படமெடுத்து அனுப்புவதென்றால், அனுப்பிய கையோடு பேசாமல் அடுத்த நாளுக்குப் பேச்சை வையுங்கள்.

சிலருக்கு இது மறுபக்கமாகத் திரும்பும். பார்க்காமல் இருந்தவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கத் தொடங்குவார். அதுவும் அதே பயம்தான். குறித்த நாளுக்கு வெளியே திறக்க வேண்டாம், பணம் கழிந்தால் எஸ்எம்எஸ் வரும்படி மட்டும் பதிந்து வையுங்கள் என்பேன்.

எழுதி வைப்பதைப் பற்றி ஆலிம்கள் சொல்லாததை நான் சொல்லப் போவதில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியது, சூரத்துல் பகரா 282. நாம் அதைக் கொடுத்த கடனுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஸகாத்துக்கு வருடத்தில் ஒரு நாள் குறித்து, தங்கம் 85 கிராம் வருகிறதா, கையில் என்ன, கணக்கில் என்ன என்று பார்க்கும் குடும்பங்களில் இந்தப் பயம் குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பார்ப்பது பழகியிருக்கிறது. நிஸாபுக்கு எட்டாதவர்களும் அதே நாளில் அதே தாளை எழுதலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

கட்டவே முடியாது என்று தாள் சொன்னால், தவணை தவறுமுன் கிளைக்குப் போய் மனேஜரிடம் பேசுங்கள். தவணையை நீட்டிக் கேட்பது அப்போது இலகு, மூன்று மாதம் தவறிய பிறகு கடினம். "கிறிப்பில பேர் விழுந்திட்டு, இனிப் போய்ப் பிரயோசனமில்ல" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் அதிகம். கிறிப் என்பது 1990இல் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், கறுப்புப் பட்டியல் அல்ல. ஒழுங்காகக் கட்டிய கடனும் அதில் இருக்கும். தன்னுடைய அறிக்கையைத் தானே எடுத்துப் பார்க்க எவருக்கும் முடியும். அதில் உங்களுக்குத் தெரியாத கடன் இருந்தாலும், கட்டி முடித்தது இன்னும் நிலுவையாகக் காட்டியிருந்தாலும், கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். உடைக்காத கடிதங்களையும் அதே சனிக்கிழமையில், பழையதிலிருந்து புதியதாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் திகதியையும் தொகையையும் மட்டும் தாளில் எழுதுங்கள். ஒரே சீட்டுக்கு வந்த நினைவூட்டல்கள்தான் அதில் பாதியாக இருக்கும்.