மதியச் சோறும் மூன்று மணி மீட்டிங்கும்

மூன்று மணிக்கு முக்கியமான மீட்டிங் இருந்தால், அதற்கான தயாரிப்பு ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பின் வரும் மந்தத்துக்குச் சோறு மட்டுமே காரணம் இல்லை. பிற்பகலில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தளரும், முந்தின இரவின் தூக்கக் குறைவும் அப்போது கணக்குக் கேட்கும். அவற்றை மதிய வேளையில் உங்களால் மாற்ற முடியாது. ஆனால் சோற்றிலுள்ள சர்க்கரை இரத்தத்துக்குள் என்ன வேகத்தில் போகிறது என்பதை மாற்றலாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், அதன் வாசலில் நிற்பவர்களுக்கும் மந்தத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

ஒரு டப்பாவை எடுத்துக்கொள்வோம். லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு அப்பளம். காலை அவசரத்தில் பாதி வீடுகளில் கட்டித் தருவது இதுதான். சாதம் 300 கிராம் என்று வைத்தால் அதில் மாவுச்சத்து மட்டும் ஏறக்குறைய 84 கிராம். கிழங்கையும் அப்பளத்தையும் சேர்த்தால் 100 கிராமைத் தாண்டிவிடும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. வாயிலும் சிறுகுடலிலும் உள்ள நொதிகள் அந்தச் சங்கிலியை அறுக்கின்றன, அறுந்த குளுக்கோஸ் குடல் சுவர் வழியே இரத்தத்துக்குள் போகிறது. நன்றாக வெந்த வெள்ளைச் சோற்றை அறுக்க அதிக நேரம் ஆகாது. இன்னொரு கணக்கு: நலமாக இருக்கும் ஒருவரின் இரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் மொத்தம் சுமார் 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி. அந்த 5 கிராமைக் கட்டுக்குள் வைக்கவேண்டிய உடம்புக்குள் அதன் இருபது மடங்கு வந்து இறங்குகிறது. ஒரேயடியாக இறங்குகிறதா, மூன்று மணி நேரத்தில் பரவி இறங்குகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் முதல் இடம் குடல் அல்ல, இரைப்பை. இரைப்பையின் அடிவாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. ஏரிக்கு மதகு எப்படியோ, இரைப்பைக்கு அது அப்படி. உள்ளே எவ்வளவு தேங்கியிருந்தாலும், மதகு திறந்த அளவுக்குத்தான் வாய்க்காலில் ஓடும். கொழுப்பு, புரதம், நார்ச்சத்து மூன்றும் இந்த வேகத்தைத்தான் தொடுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வழியில்.

கொழுப்பு சிறுகுடலின் தலைப்பகுதியை எட்டியதும் குடல் சுவர் சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. ‘கொஞ்சம் பொறு, வந்ததைச் செரித்துக்கொள்கிறேன்’ என்று இரைப்பைக்குத் தகவல் போகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. புரதமும் இதே போன்ற தகவலை அனுப்புகிறது. கூடவே இன்னொன்றும் செய்கிறது: கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. வந்த சர்க்கரையை அந்த இன்சுலின் தசைக்கும் கல்லீரலுக்கும் எடுத்துக்கொடுத்துவிடும். மூன்றில் புரதத்தை நான் முதலில் வைப்பதற்கு இந்த இரட்டை வேலைதான் காரணம். கணையம் சுரக்கும் நிலையில் இருப்பவருக்கே இரண்டாவது பலன் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நார்ச்சத்தைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். எல்லா நாரும் ஒன்றல்ல. தண்ணீரில் ஊறிக் குழகுழப்பாகும் நார்தான் இந்த வேலைக்கு ஆகும். வெண்டைக்காயின் வழவழப்பு, ஊறவைத்த வெந்தயத்தின் பிசுபிசுப்பு எல்லாம் அந்த வகை. அது குடலில் உள்ளதைக் கெட்டியாக்குகிறது. நொதி சோற்றை எட்டுவதும், அறுந்த குளுக்கோஸ் குடல் சுவரை எட்டுவதும் தாமதமாகின்றன. கோதுமைத் தவிடு போன்ற கரையாத நார் மலச்சிக்கலுக்கு நல்லது. சோற்றின் சர்க்கரையை அந்த வேளையிலேயே தடுப்பதில் அதன் பங்கு சிறியது. அதனால் ‘ஹை ஃபைபர்’ என்று அச்சடித்த பிஸ்கட் பாக்கெட்டை நம்பி மேசை டிராயரில் வைத்திருப்பது இந்தக் கணக்கில் சேராது.

மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், ஆரோக்கியமான ஆட்களுக்கு வெறும் வெள்ளைச் சோறு ஒரு நாள், கோழிக்கறியோடு ஒரு நாள், எண்ணெயோடு ஒரு நாள், காய்கறியோடு ஒரு நாள், எல்லாம் சேர்த்து ஒரு நாள் என்று கொடுத்தார்கள். சோற்றின் அளவு மாறவில்லை. வெறும் சோற்றின் கிளைசெமிக் குறியீடு 96. மூன்றும் சேர்ந்த தட்டில் அது ஏறக்குறைய 50. அதே சோறுதான், பாதி ஏற்றம்.

இப்போது நம் லெமன் சாத டப்பாவுக்குத் திரும்பினால் ஒன்று கண்ணில் படும். அதில் கொழுப்பு இருக்கிறது: தாளித்த எண்ணெய், வறுவல் எண்ணெய், அப்பளம் குடித்த எண்ணெய். குறைவது மற்ற இரண்டும்தான். சோற்றிலிருந்து வரும் 8 கிராம் புரதத்தோடு, தாளிப்பில் சிதறிய நாலு கடலைப்பருப்பு. இதற்கு மேல் நெய் ஊற்றுவதால் பயன் இல்லை. எண்ணெய் சர்க்கரையைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கிராமுக்கும் 9 கலோரி என்று விலை வாங்கிக்கொண்டுதான் தாமதப்படுத்தும். வேகத்தைக் குறைக்கக் கொழுப்பை நம்புகிறவர் ஒரு வருடத்தில் இடுப்புச் சுற்றளவில் அதற்கான வட்டியைக் கட்டுவார்.

அதே டப்பாவை மாற்றிக் கட்டுவோம். சாதம் 200 கிராம், மாவுச்சத்து 56 கிராமாக இறங்குகிறது. அவித்த முட்டை இரண்டு, புரதம் 12 கிராம். பீன்ஸ் அல்லது வெண்டைக்காய்ப் பொரியல் 150 கிராம், அதாவது சாதம் வைக்கும் தட்டுக்குச் சமமான தட்டு நிறைய. மூடியில் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு கரண்டி அல்ல. பருப்பு தெரியும்படி சாம்பார், ஒரு சின்னக் கிண்ணம் தயிர். மொத்தப் புரதம் 25 கிராமை ஒட்டி வந்துவிடும், நார்ச்சத்து ஏழெட்டு கிராம். முட்டை தொடாதவர்களுக்கு 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல். அதில் புரதம் 9 கிராம், நாரும் நிறைய. ஆனால் சுண்டலிலேயே 27 கிராம் மாவுச்சத்து இருப்பதை மறக்கக்கூடாது. அது மெதுவாகத்தான் செரிக்கும் என்றாலும் கணக்கில் சேரும். அன்றைக்குச் சாதத்தை 150 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியதை எந்த வரிசையில் சாப்பிடுகிறோம் என்பதற்கும் எடை உண்டு. ஜப்பானில் 2016இல் வந்த ஓர் ஆய்வில், மீனையோ இறைச்சியையோ முதலில் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோறு கொடுத்தார்கள். சோற்றை முதலில் சாப்பிட்ட நாளைவிட இரைப்பை காலியாவது தாமதமானது, சர்க்கரையின் ஏற்றமும் தணிந்தது. அமெரிக்காவில் 2015இல் டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் ரொட்டியையும் ஆரஞ்சுச் சாறையும் முதலில் கொடுத்த நாளையும், காய்கறி, கோழி முடித்த பிறகு கொடுத்த நாளையும் ஒப்பிட்டார்கள். பதினொரு பேர் மட்டுமே பங்கெடுத்த சிறிய ஆய்வு. ஆனாலும் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு சுமார் 37 சதவீதம் குறைந்திருந்தது. காரணம் புரிந்துகொள்ள எளிது: சோறு இரைப்பைக்குள் வரும்போதே குடல் தன் தகவலை அனுப்பி முடித்திருக்கும்.

நம் வழக்கமோ நேர்மாறு. சாம்பார் சாதம் ஒரு கவளம், பொரியல் ஒரு கிள்ளு என்று பொரியல் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே இருக்கிறது. கேன்டீனிலும் அதே கதை. சாதம் இரண்டாம் முறை கேட்காமலே வரும், பொரியலைக் கேட்டால்தான் ஒரு கரண்டி. கேட்பதில் கூச்சம் வேண்டாம், கூட்டும் பொரியலும் இரண்டு மடங்கு வாங்குங்கள். முதலில் முட்டையும் பொரியலும், பிறகு சாம்பார் சாதம், கடைசியில் தயிர். அரை மணி நேர இடைவேளையில் 15 நிமிடம் காத்திருக்க யாராலும் முடியாது. ஐந்து பத்து நிமிடம் பொரியலை மென்று தின்றுவிட்டுச் சோற்றுக்கு வந்தாலும் பாதை சரிதான், ஆய்வில் கண்ட அளவு பலனை மட்டும் எதிர்பார்க்கவேண்டாம்.

புழுங்கலரிசி பொதுவாகப் பச்சரிசியைவிடக் கொஞ்சம் நிதானமானது. குழைந்த சோறு வேகமானது. இவையெல்லாம் உண்டு, ஆனால் தட்டில் சேரும் புரதமும் காயும் தரும் மாற்றத்துக்கு முன் சின்ன விஷயங்கள்.

இது உங்கள் உடம்பில் வேலை செய்கிறதா என்று ஊகிக்கவேண்டாம், குளுக்கோமீட்டர் இருந்தால் பார்த்துவிடலாம். ஒரு நாள் பழைய முறையில், இன்னொரு நாள் அதே அளவு சோற்றைப் புதிய முறையில் சாப்பிடுங்கள். சோற்றின் அளவைக் குறைத்துவிட்டு வரிசையால்தான் சர்க்கரை இறங்கியது என்று சொல்லக்கூடாது அல்லவா? முதல் கவளத்திலிருந்து நேரத்தை எண்ணி, சாப்பிடும் முன், ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து என்று மூன்று முறை பாருங்கள். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். விரலில் பழச்சாறோ இனிப்போ ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாக ஏற்றிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். வீட்டு மீட்டர்களில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் சகஜம், அதனால் 160ஐயும் 170ஐயும் வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. 210 என்பது 165 ஆனால், அதுவும் இரண்டு மூன்று முறை அப்படியே வந்தால், அது பேசும் வித்தியாசம்.

எண் குறைந்தது என்றால் சர்க்கரையே உள்ளே போகவில்லை என்று அர்த்தம் அல்ல. சோற்றின் மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் பிறகாவது போய்ச் சேரத்தான் செய்யும். ‘பொரியல் முதலில் சாப்பிட்டாயிற்று, இனி எவ்வளவு சோறும் சாப்பிடலாம்’ என்று இன்னொரு கரண்டி வாங்குபவர் உச்சத்தைத் தணித்துவிட்டு நேரத்தை நீட்டிக்கொள்கிறார்.

டீம் லஞ்சில் பிரியாணி வரும் நாளில் இது தெளிவாகத் தெரியும். எண்ணெயும் கறியும் நிறைய இருப்பதால் ஒரு மணி நேர எண் அடக்கமாக இருக்கும். அதைப் பார்த்துப் பிரியாணிக்கு நற்சான்று கொடுப்பவர்கள் மூன்றாம், நான்காம் மணி நேரத்திலும் ஒரு முறை பார்க்கவேண்டும், ஏற்றம் அங்கே நின்றுகொண்டிருக்கலாம். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர்களுக்கும், இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதில் ஆபத்தும் இருக்கிறது. மருந்து உடனே வேலையைத் தொடங்கிவிடும், சோற்றின் சர்க்கரையோ தாமதமாக வரும். இடையில் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கலாம். அப்படிப்பட்டவர்கள் சாப்பாட்டின் வரிசையையோ கலவையையோ மாற்றும் முன் மருந்தின் நேரத்தை மருத்துவரிடம் பேசிக்கொள்வது அவசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பும் அதே மருத்துவரைக் கேட்கவேண்டும்.